அக்கரை சேர எத்தனை மணி?

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், கலிபோர்னியாவும் நெவாடாவும் சந்திக்கும் மலைகளுக்கு நடுவே டாஹோ ஏரி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். தெற்கு வடக்காக 35 கி.மீ. நீளம். இரு மாநிலங்களின் எல்லைக்கோடு தண்ணீருக்குள்ளேயே ஓடுவதால், மேற்குக் கரையில் கயாக்கை இறக்கிக் கிழக்குக் கரையில் ஏறுகிறவர் துடுப்பு போட்டே மாநிலம் மாறிவிடுகிறார். கயாக் என்பது கால் நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் தட்டையான அலகு உள்ள ஒரே துடுப்பை இடமும் வலமும் மாற்றிப் போட்டு ஓட்டும் ஒடுங்கலான படகு. இன்ஜின் கிடையாது, பாயும் கிடையாது. தோளும் முதுகும்தான் வண்டியை இழுக்கின்றன.

இந்த ஏரியைக் குறுக்கே கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆனால் டாஹோ கரையில் நிற்பவரின் கையில் ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று அளவுகள் இருக்கின்றன. வழிகாட்டி நூல்கள் ஏரியின் அதிகபட்ச அகலம் 12 மைல் என்கின்றன. இது சாலையில் அளக்கும் மைல், அதாவது 1.609 கி.மீ. கடலில் பழகிய கயாக் ஓட்டிகள் தங்கள் வேகத்தை நாட் என்ற அளவில் சொல்கிறார்கள். அவர்களுடைய ஜி.பி.எஸ். கடிகாரமும் அதையே காட்டும்படி வைக்கப்பட்டிருக்கும். அமெரிக்க வானிலைத் துறை இந்த ஏரிக்குக் காற்று எச்சரிக்கை விடும்போது, காற்றின் வேகத்தை மணிக்கு இத்தனை மைல் என்று அறிவிக்கிறது. கி.மீ.யில் யோசித்துப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு நான்காவதாகவும் ஓர் அளவு சேர்ந்துகொள்கிறது.

நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அதனால் ஒரு நாட் வேகம் என்றால் மணிக்கு 1.852 கி.மீ. இந்த எண்ணை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, பூமியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பூமியைத் துருவங்கள் வழியாக ஒரு சுற்று சுற்றினால் ஏறத்தாழ 40,000 கி.மீ. ஒரு வட்டத்துக்கு 360 பாகை, ஒரு பாகைக்கு 60 கலை, ஆக 21,600 கலை. 40,000-ஐ 21,600-ஆல் வகுத்தால் 1.8518 வருகிறது. அட்சரேகையில் ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல் மைல் நகர்ந்ததாக மாலுமிகள் கணக்கு வைத்திருந்தார்கள். வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் பாகைக் கோடுகளே அவர்களுக்கு அளவுகோலாகவும் உதவின. நாட்டுக்கு நாடு சில அடிகள் முன்பின்னாக இருந்த இந்த நீளத்தை, 1929-இல் மொனாக்கோவில் நடந்த சர்வதேச நீர்ப்பரப்பு அளவியல் மாநாடு சரியாக 1,852 மீட்டர் என்று நிலைநிறுத்தியது.

இனி கணக்குக்கு வருவோம். நல்ல பயணக் கயாக்கில், ஓரளவு பழக்கமுள்ள ஒருவர் மணிக்கணக்கில் விடாமல் ஓட்டக்கூடிய வேகம் சுமார் 3 நாட். திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணில்தான் தொடங்குகிறார்கள். 3 × 1.852 = 5.556, அதாவது மணிக்கு ஐந்தரை கி.மீ.க்குச் சற்று மேல். வேகமாக நடப்பவரின் வேகம் இது. 12 மைலைக் கி.மீ. ஆக்கினால் 12 × 1.609 = 19.3. பத்தொன்பது சொச்சத்தை ஐந்தரை சொச்சத்தால் வகுத்தால் 3.47 மணி நேரம்.

இந்த 3.47 பலரை ஏமாற்றியிருக்கிறது. மூன்று மணி நாற்பத்தேழு நிமிடம் என்று வாசித்துவிடுவார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடம் அல்ல, மணியின் நூறில் ஒரு பங்குகள். 0.47-ஐ 60-ஆல் பெருக்கினால் 28 நிமிடம். சரியான விடை மூன்று மணி இருபத்தெட்டு நிமிடம்.

அளவுகளைக் கலந்துவிட்டால் என்ன ஆகும்? 12 மைலை நேராக 3 நாட் வேகத்தால் வகுத்தால் நான்கு மணி நேரம் என்று வரும். 19.3 கி.மீ.யை 3-ஆல் வகுத்தால் ஆறு மணி இருபத்தாறு நிமிடம். இந்த இரண்டு தவறுகளும் நேரத்தைக் கூட்டிக் காட்டுவதால் பெரிய ஆபத்து இல்லை. கவலைப்பட வேண்டியது எதிர்த்திசையில் நடக்கும் தவறு. இந்தப் படகு மூன்றில் போகும் என்று வாடகைக் கடையில் ஒருவர் சொல்கிறார். அவர் சொன்னது மணிக்கு மூன்று மைல். கேட்டவர் மூன்று நாட் என்று எடுத்துக்கொள்கிறார். மூன்றரை மணியில் அக்கரை சேரலாம் என்று நினைத்துக் கிளம்பியவருக்கு உண்மையில் நான்கு மணி தேவைப்படும். அந்த அரை மணியின் விலையைக் காற்று தீர்மானிக்கும், அதைப் பின்னால் பார்ப்போம். ஆகவே எண்ணை எழுதும்போதே பக்கத்தில் அலகையும் எழுதுங்கள். வெறும் மூன்று என்று யாராவது சொன்னால், மூன்று என்ன என்று கேட்டுவிடுங்கள்.

தண்ணீரில் இருக்கும்போது தசமப் பெருக்கல் போட முடியாது. அதற்குக் கயாக் ஓட்டிகள் ஒரு நேர்த்தியான வழி வைத்திருக்கிறார்கள். வேகத்தை நினைக்காமல், ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு எத்தனை நிமிடம் என்று நினைப்பது. 3 நாட் என்றால் 60 நிமிடத்தில் மூன்று கடல் மைல், ஆக ஒரு கடல் மைலுக்கு 20 நிமிடம். கி.மீ.யில் சொன்னால் ஒரு கி.மீ.க்கு 10.8 நிமிடம், கைக்கணக்குக்குப் பதினொன்று. ஏரியின் அகலம் 10.4 கடல் மைல், அதை 20-ஆல் பெருக்கினால் 208 நிமிடம், அதே மூன்று மணி இருபத்தெட்டு. வகுத்தலும் இல்லை, தசமத்தை நிமிடமாக்கும் தொல்லையும் இல்லை. நாட்டில் சொன்ன வேகத்தை மனத்துக்குள் கி.மீ. ஆக்கியே தீர வேண்டுமென்றால், இரட்டித்துப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் போதும். மூன்றின் இரட்டிப்பு ஆறு, அதில் 0.6 போனால் 5.4. உண்மையான 5.56-ஐவிட இது மூன்று சதவீதம் குறைவு. பயணக் கணக்கில் வேகத்தைக் குறைத்து மதிப்பிடும் பிழை நல்ல பிழைதான்.

இதுவரை 3 நாட் என்பதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டோம். அது உங்கள் வேகமா என்பதுதான் உண்மையான கேள்வி. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்தப் படகும் தனக்கென்று ஓர் அலையை உண்டாக்குகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் படகு தன் அலையின் மேலேயே ஏற வேண்டும். மனித உடலின் சக்தி பெரும்பாலும் அங்கே தீர்ந்துவிடுகிறது. தண்ணீரைத் தொடும் பகுதியின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் இந்த எல்லை நாட் அளவில் கிடைக்கும். 15 அடி தண்ணீரைத் தொடும் பயணக் கயாக்குக்கு இது 5.2 நாட். கரையில் வாடகைக்குக் கிடைக்கும் குட்டையான பிளாஸ்டிக் கயாக்கில் 10 அடிதான் தண்ணீரைத் தொடும் என்றால் 4.2 நாட். கயாக் மிக ஒடுங்கலானது என்பதால் இந்த எல்லை ஒரு சுவர்போல் நிற்பதில்லை. ஆனால் நெருங்க நெருங்க ஒவ்வொரு துடுப்பும் கனக்கும்.

எல்லைக்கு வெகு கீழேயே உடல் வேறொரு கணக்கைச் சந்திக்கிறது. படகை ஓட்டத் தேவைப்படும் சக்தி தோராயமாக வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 3 நாட் வேகத்திலிருந்து 4 நாட் வேகத்துக்குப் போக, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உழைப்பு போதும் என்று தோன்றும். உண்மையில் 2.4 மடங்கு சக்தி வேண்டும். அதில் கிடைக்கும் லாபம் என்ன? 4 நாட் வேகத்தில் டாஹோவைக் கடக்க இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம். மிச்சம் 52 நிமிடம். ஆனால் அந்த வேகத்தை இரண்டரை மணி நேரம் தாங்கிப் பிடிக்கப் பயிற்சி பெற்றவர்களால்தான் முடியும். மற்றவர்கள் முதல் அரை மணியில் வேகமாகப் போய்ப் பிறகு 2 நாட் வேகத்துக்கு இறங்கிவிடுவார்கள். தாமதமாகிறது, வேகத்தைக் கூட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பை ஏரியின் நடுவில் நம்பவே கூடாது.

சொந்த வேகத்தைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை போதும். கரையோரமாக, தூரம் தெரிந்த இரண்டு அடையாளங்களுக்கு நடுவே, போய் வரும் நேரத்தைச் சேர்த்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். தண்ணீர் குடிக்க நின்றதும், தொப்பியைச் சரிசெய்ததும், படம் எடுத்ததும் எல்லாம் அந்த ஒரு மணிக்குள் அடங்க வேண்டும். மொத்தத் தூரம் 5.2 கி.மீ. என்றால், அதை 1.852-ஆல் வகுத்து 2.8 நாட் என்று குறித்துக்கொள்ளலாம். ஜி.பி.எஸ். கடிகாரம் காட்டும் உச்ச வேகம் எதற்கும் உதவாது. அது ஒரு அலை தள்ளிவிட்ட இரண்டு நொடியாக இருக்கலாம். நின்ற நேரத்தை விட்டுவிட்டுச் சராசரி சொல்லும் கருவிகளும் உண்டு. அந்த எண்ணை வைத்து அக்கரை சேரும் நேரத்தைச் சொன்னால், கணக்கில் வராத ஓய்வுகள் எல்லாம் தண்ணீரில் வந்து நிற்கும்.

இனி காற்று. கோடைக்காலத்தில் டாஹோவின் காலைகள் பெரும்பாலும் கண்ணாடிபோல் அமைதியாக இருக்கும். வெயில் ஏறி மலைச்சரிவுகள் சூடான பிறகு, பிற்பகலில் தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பும். கிழக்கே போகிறவரை அது முதுகில் தள்ளும், மேற்கே திரும்புகிறவரை முகத்தில் அறையும். 19 கி.மீ. திறந்த தண்ணீரின் மேல் தடையில்லாமல் ஓடிவரும் காற்று கிழக்குப் பக்கத்தில் பெரிய அலைகளை எழுப்புகிறது. இரண்டு முதல் நான்கு அடி அலைகள் எழும் என்று வானிலைத் துறை எச்சரிக்கும் நாட்கள் உண்டு. கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீருக்கு மேல் இரண்டரை அடி உயரத்தில்தான் இருக்கிறது. எச்சரிக்கையில் காற்று மணிக்கு 25 மைல் என்றிருந்தால் அது ஏறத்தாழ 40 கி.மீ., நாட் கணக்கில் 22. அந்தக் காற்றுக்கு எதிரே 3 நாட் ஓட்டி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே இருப்பார். 10, 12 நாட் காற்றே அவருடைய வேகத்தில் ஒரு நாட் அளவுக்குத் தின்றுவிடும்.

காற்றுள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். முதுகுக்காற்றில் கிழக்கே போகும்போது 3.5 நாட், அதே காற்றுக்கு எதிராக மேற்கே வரும்போது 2 நாட். போய்வர எவ்வளவு நேரம்? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி 2.75 நாட். 20.8 கடல் மைலை 2.75-ஆல் வகுத்தால் ஏழரை மணிக்குச் சற்று மேல். இந்தக் கணக்கு தவறு. போகும்போது 10.4-ஐ 3.5-ஆல் வகுக்க, மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. வரும்போது 10.4-ஐ 2-ஆல் வகுக்க, ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். மொத்தம் எட்டு மணி பத்து நிமிடம். மெதுவான பயணத்தில் அதிக நேரம் செலவாகிறது, அதனால் மெதுவான வேகத்துக்குச் சராசரியில் எடை கூடுகிறது. எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வீடு திரும்பியவர்களுக்கு இது கால் வழியாகவே தெரியும். முதுகுக்காற்று கொடுத்த அரை மணியை எதிர்காற்று வட்டியோடு திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஆகவே எப்போதும் ஒவ்வொரு பகுதியின் நேரத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, கடைசியில் நேரங்களைத்தான் கூட்ட வேண்டும். வேகங்களைக் கூட்டக் கூடாது.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. ஏதோ சரியில்லை, கரை சேர வேண்டும் என்றால் முன்னே போவதா, பின்னே திரும்புவதா? காற்றில்லாத நாளில் விடை எளிது. பாதி தூரம், அதாவது 9.6 கி.மீ. வரை திரும்புவது சீக்கிரம், அதன் பிறகு முன்னே போவது சீக்கிரம். ஆனால் மேலே சொன்ன காற்றில் அந்தப் புள்ளி மேற்குக் கரைப் பக்கமாக நகர்ந்துவிடும். கரையிலிருந்து 3.8 கடல் மைல், ஏழு கி.மீ. போன இடத்தில், 2 நாட் வேகத்தில் திரும்புவதற்கும் 3.5 நாட் வேகத்தில் மீதி 12.3 கி.மீ.யைக் கடப்பதற்கும் ஆகும் நேரம் ஒன்றுதான், சற்றேறக்குறைய இரண்டு மணி நேரம். அந்த ஏழு கி.மீ.யை எட்ட முதுகுக்காற்றில் ஒரு மணி ஐந்து நிமிடம் போதும். அதாவது, புறப்பட்ட கரை முதுகுக்குப் பின்னால் இன்னும் தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே, திரும்புவது நீண்ட வழியாகிவிடுகிறது. கண்ணால் பார்த்து இதை உணர முடியாது. கரையில் உட்கார்ந்து கணக்கிட்டவருக்கு மட்டுமே தெரியும்.

நேரம் தவறினால் என்ன என்று கேட்கலாம். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் டாஹோவின் மேல்தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி வருகிறது. பனி உருகும் வசந்தத்தில் அது 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். வெயில் சுள்ளென்று அடித்தாலும் தண்ணீர் அப்படித்தான். குளிர்நீரில் விழுகிறவரின் உடலைப் பற்றி ஆராய்ந்த மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்ற விதியைப் பரப்பினார். கடுங்குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சை அடக்கி ஆள ஒரு நிமிடம். கைகால்கள் சொன்னபடி கேட்க ஏறத்தாழப் பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். லைஃப் ஜாக்கெட் இல்லாதவர் அந்த முதல் நிமிடத்திலேயே மூழ்கிவிடலாம். கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறும் வேலையை அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். ஏரி நடுவில், 9.6 கி.மீ. தொலைவில் இருக்கும் கரைக்கு 3 நாட் வேகத்தில் ஒரு மணி நாற்பத்து நான்கு நிமிடம் ஆகும் என்பதை இந்த மூன்று எண்களின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறுக்கே போகாமல் கரையோரமாகவே ஓட்டும்படி அனுபவசாலிகள் புதியவர்களிடம் சொல்வது இதனால்தான். தனியாகக் குறுக்கே போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

துணையோடும், கவிழ்ந்தால் மீண்டும் ஏறும் பயிற்சியோடும், ஆகஸ்டின் ஓர் அமைதியான காலையில் மேற்குக் கரையிலிருந்து புறப்படுகிறவரின் திட்டம் இப்படி இருக்கலாம். காலை 6 மணிக்குக் கிளம்புகிறார். 3 நாட் வேகத்துக்குத் துடுப்பு போடும் நேரம் மூன்று மணி இருபத்தெட்டு நிமிடம். மணிக்கு ஐந்து நிமிடம் என்று மூன்று ஓய்வுகள், கால் மணி. ஆக, ஒன்பதே முக்காலுக்கு அக்கரை. இதோடு ஐந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 45 நிமிடம் கூட்டிப் பத்தரை என்று வைத்துக்கொள்கிறார். கரையில் காத்திருப்பவரிடம் இந்தப் பத்தரையைத்தான் சொல்ல வேண்டும், ஒன்பதே முக்காலை அல்ல. 11 மணிக்குள் வரவில்லை என்றால் உதவிக்கு அழைக்கும்படியும் சொல்லி வைக்கிறார்.

7 மணிக்கு முதல் சோதனை. திட்டப்படி ஐந்து நிமிட ஓய்வையும் சேர்த்து ஐந்து கி.மீ. தாண்டியிருக்க வேண்டும். ஜி.பி.எஸ். நான்கு கி.மீ. என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு உட்பட மணிக்கு 4 கி.மீ. என்றால் 2.2 நாட். மீதி 15.3 கி.மீ.க்கு இதே வேகத்தில் மூன்று மணி ஐம்பது நிமிடம் வேண்டும். கைகள் சோராமல் இருந்தாலே அக்கரை சேரும்போது 10 மணி 50 நிமிடம். சோர்வையும் சேர்த்தால் நண்பகல், காற்று எழும் நேரம். பின்னால் இருக்கும் கரையோ ஒரு மணி நேரத் தூரம்தான், காற்றும் இன்னும் வரவில்லை. அவர் படகைத் திருப்பி 8 மணிக்குக் கரையேறி, அக்கரையில் காத்திருப்பவருக்குப் போன் செய்கிறார்.